வேலையை விடாமல் குரூப் 4: கையில் இருப்பது எத்தனை மணி நேரம்?

2025-ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வுக்கான அறிவிப்பை டி.என்.பி.எஸ்.சி. ஏப்ரல் 25 அன்று வெளியிட்டது. தேர்வு ஜூலை 12. இடையில் பதினோரு வாரம். வேலைக்குப் போகாதவருக்கு அது ஓரளவு போதும். காலையில் கிளம்பி இரவு வீடு திரும்புகிறவருக்கு அந்தப் பதினோரு வாரத்தில் மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், ‘அறிவிப்பு வரட்டும், ஆரம்பிக்கலாம்’ என்கிற பேச்சு அடங்கிவிடும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிற ஒருவரை வைத்துக்கொள்வோம். காலை 8.30-க்கு உள்ளே போனால் மாலை 7 மணிக்கு வெளியே வருவார். சரக்கு அனுப்பும் நாள் நெருங்கினால் தையல் பிரிவோடு சேர்ந்து இவருக்கும் ஒன்றரை ஷிப்ட்தான்; 9 மணி ஆகிவிடும். சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் அன்று இரவை நம்ப முடியாது. ஞாயிறு விடுமுறை. பஸ்ஸில் போக அரை மணி, வர அரை மணி.

இப்படிப்பட்டவர் அட்டவணை போடும்போது வழக்கமாக என்ன நடக்கும்? காலை 4 முதல் 7 வரை, இரவு 9 முதல் 12 வரை என்று எழுதிச் சுவரில் ஒட்டுவார். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்! மூன்றாவது நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குவார். ஒரு வாரத்தில் அந்தத் தாள் கண்ணை உறுத்த ஆரம்பிக்கும். சோம்பேறித்தனம் என்று அவர் தன்னையே திட்டிக்கொள்வார். உண்மையில் தப்பு அட்டவணையில்தான் இருக்கிறது. தூக்கத்தை நாலு மணி நேரமாக்கிப் போட்ட கணக்கு அது.

ஆகவே முதல் வேலை, புத்தகத்தைத் தொடாமல் ஒரு வாரம் சும்மா கவனிப்பது. எப்போது வீட்டுக்கு வந்தோம், எப்போது சாப்பிட்டோம், எப்போது படுத்தோம் என்று ஒரு சிட்டையில் குறித்து வந்தால் போதும். நம் ஆளுக்குக் கிடைப்பது இதுதான்: இரவு 10 மணிக்குப் படுத்தால் காலை 4.45 முதல் 6.15 வரை ஒன்றரை மணி நேரம். இது திங்கள் முதல் சனி வரை ஆறு நாளும் கிடைக்கும். மொத்தம் ஒன்பது மணி. இரவு 8.45 முதல் 9.30 வரை முக்கால் மணி. வாரத்துக்கு ஐந்து இரவு என்று எழுதத் தோன்றும். ஆனால் ஒன்றரை ஷிப்ட்டுக்கு இரண்டைக் கழித்து மூன்று இரவாகத்தான் எண்ண வேண்டும். அது இரண்டேகால் மணி. ஞாயிறு காலை மூன்று மணி, மாலை இரண்டு மணி. கூட்டினால் பதினாறு மணி நேரம், கூடவே ஒரு கால் மணி. பஸ் நேரத்தை இதில் சேர்க்கவே கூடாது. உட்கார இடம் கிடைத்தால் அது லாபம், அவ்வளவுதான்.

வாரத்துக்குப் பதினாறு என்றால் பதினோரு வாரத்தில் 176 மணி நேரம். கல்யாணம், காய்ச்சல், திருவிழா எல்லாம் அதிலேயே அடக்கம். இது போதாது. அறிவிப்புக்காகக் காத்திராமல் 24 வாரமாவது வைத்துக்கொள்ள வேண்டும். தேர்வாணையம் வெளியிடும் ஆண்டுத் திட்ட அட்டவணையில் எந்தத் தேர்வு எப்போது என்று இருக்கும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் தொடங்க வேண்டிய வாரம் தெரிந்துவிடும்.

அடுத்து, இந்த நேரத்தை எதற்குக் கொடுப்பது? குரூப் 4-இல் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழில் 100, பொது அறிவில் 75, கணக்கும் திறனறிவும் சேர்த்து 25. தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ‘தமிழ்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுகிறவர்கள் பாதித் தேர்வைத் தள்ளிப்போடுகிறார்கள்.

நம் ஆளின் வாரம் இப்படி அமையும். திங்கள், புதன், வெள்ளி காலையில் தமிழ். செவ்வாய், வியாழன், சனி காலையில் பொது அறிவு. ஒன்றரை மணி நேரத்தில் முதல் இருபது நிமிடம் நேற்றுப் படித்ததற்கு. மீதி எழுபது நிமிடம்தான் புதுப் பாடத்துக்கு. இரவு முக்கால் மணியும் கணக்குக்கு. மூளை புத்துணர்ச்சியோடு இருக்கும்போதுதான் கணக்குப் போட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பகல் முழுக்க உழைத்துவிட்டு வந்தவர் இரவில் வரலாற்றுப் பாடத்தை விரித்தால் இரண்டாவது பத்தியிலேயே தலை சாயும். கையில் பேனா ஓடிக்கொண்டிருந்தால் தூக்கம் அவ்வளவு சீக்கிரம் அண்டாது. தவிர, சதவீதம், விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, மீ.பொ.வ., மீ.சி.ம., பரப்பளவு, வேலையும் நேரமும் என்று கணக்குப் பாடத்திட்டம் சின்னது. ஒரு உட்காரலில் பத்துக் கணக்கு என்று அளந்து போடலாம்.

காலையில் படிப்பதை எப்படிக் குறித்துவைப்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. பாடத்தைச் சுருக்கி இன்னொரு பாடமாக எழுதிவைப்பவர்கள் அதிகம். அதைத் திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். தேர்வில் கேட்டால் வராது. அதற்குப் பதில் நோட்டின் பக்கத்தை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் கேள்வியும் வலப்பக்கம் விடையும் மட்டும் எழுதலாம். அடிப்படை உரிமைகள் பாடத்தைப் படித்த காலையில் அந்தப் பக்கம் இப்படி இருக்கும்: தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு எது? 17. சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கிய திருத்தம்? 44, 1978-இல். இப்போது அது எந்தப் பிரிவில் இருக்கிறது? 300-அ. ஒரு பாடத்துக்கு இருபது கேள்வி போதும். மறுநாள் காலை அந்த இருபது நிமிடத்தில் விடைப் பக்கத்தை மடித்து மறைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். வராத கேள்விக்கு ஒரு புள்ளி வைக்க வேண்டும். பஸ்ஸில் புள்ளி வைத்தவற்றை மட்டும் பார்த்தால் போதும். நின்றுகொண்டே போனாலும் ஒரு கையில் அடங்கும் வேலை அது.

இங்கே ஒரு சிக்கல் மெல்ல முளைக்கும். படித்தது கூடக் கூட, திரும்பப் பார்க்க வேண்டியதும் கூடும். ஏழெட்டு வாரம் போனதும் இருபது நிமிடம் நாற்பதாகும்; புதுப் பாடம் நின்றுபோகும். அல்லது திருப்புதலை விட்டுவிட்டுப் புதுப் பாடத்தையே பிடித்துக்கொண்டு ஓடி, முதல் மாதம் படித்ததை முழுசாக மறந்திருப்பார். இதற்கு ஒரே வழி, ஒவ்வொரு நான்காவது வாரத்திலும் புதுப் பாடமே இல்லை என்று அட்டவணையிலேயே எழுதிவிடுவது. அந்த வாரத்துக் காலைகள் எல்லாம் முந்தைய மூன்று வாரத்துப் பக்கங்களுக்கு. கடைசி நான்கு வாரத்திலும் புதிதாக எதையும் தொடக்கூடாது.

அப்படியானால் 24 வாரத்தில் புதுப் பாடத்துக்குக் கிடைப்பது பதினைந்து வாரம்தான். நாளுக்கு எழுபது நிமிடம், வாரத்துக்கு ஏழு மணி நேரம். மொத்தம் 105 மணி. தமிழுக்குப் பாதி, பொது அறிவுக்குப் பாதி. இந்த எண்ணைப் பார்த்ததும் ஆறாம் வகுப்பு முதல் எல்லாப் புத்தகத்தையும் வரி விடாமல் படிக்கும் ஆசை போய்விடும், போவதும் நல்லதுதான். முந்தைய தேர்வுகளின் வினாத்தாள்கள் தேர்வாணைய இணையதளத்திலேயே கிடைக்கின்றன. நாலைந்து ஆண்டுத் தாள்களைப் பாடத்திட்டத்தோடு வைத்துப் பார்த்து, எந்தப் பாடத்திலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அந்த வரிசையில் படிக்க வேண்டும். நேரம் தீரும்போது விடுபடுவது குறைவாகக் கேட்கப்படும் பாடமாக இருக்கட்டும்.

ஞாயிறு காலை மாதிரித் தேர்வு. 9.30 முதல் 12.30 வரை, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஓ.எம்.ஆர். தாளில் கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டம் நிரப்பி எழுத வேண்டும். மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி என்றால் ஒன்றுக்கு 54 விநாடி. தமிழுக்கு 55 நிமிடம், பொது அறிவுக்கு 55, கணக்குக்கு 45 என்று பழகினால், சரிபார்க்க 25 நிமிடம் மிஞ்சும். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆனால் விடை தெரியாவிட்டால் ‘விடை தெரியவில்லை’ என்கிற ஐந்தாவது வட்டத்தை நிரப்பியாக வேண்டும். எந்த வட்டத்தையும் நிரப்பாமல் காலியாக விட்டால்தான் கழிப்பார்கள். வேலை அவசரத்தில் வீட்டில் விடையை மட்டும் நோட்டில் எழுதிப் பழகியவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மாலை இரண்டு மணி நேரம் விடைகளைச் சரிபார்க்க. எத்தனை மதிப்பெண் என்பதைவிட, தவறியது ஏன் என்பதுதான் அட்டவணைக்கு உதவும். நம் ஆள் 200-க்கு 124 சரியாக எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். தவறிய 76-இல் 30 இன்னும் படிக்காத பாடம். அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். முறை வரும்போது படிப்பார். 12 கேள்வி ‘பொருந்தாததைத் தேர்ந்தெடு’ என்பதைக் கவனிக்காமல் விட்டதுபோன்ற அவசரப் பிழை. அவை எல்லாம் கடைசி அரை மணியில் எழுதியவையாக இருந்தால் நேரப் பங்கீட்டை மாற்ற வேண்டும். மீதி 34-தான் ஆபத்து: படித்து, குறிப்பெடுத்து, மறந்தவை. இந்த மூன்றாவது எண் வாரா வாரம் ஏறிக்கொண்டே போனால், நான்காவது வாரம் வரும்வரை காத்திருக்காமல் புதுப் பாடத்தை நிறுத்திவிட்டுப் பழைய பக்கங்களுக்குத் திரும்ப வேண்டும்.

ஒன்றரை ஷிப்ட் நாளுக்கு மறுநாள் என்ன செய்வது? 4.45 அலாரத்தை 5.30-க்குத் தள்ளிவிடலாம். அன்று புதுப் பாடம் வேண்டாம். நேற்றைய பக்கமும் பத்துக் கணக்கும் மட்டும். முழு நாளையும் விட்டுவிடுவதைவிட இந்தச் சின்ன நாள் மேல். விட்டுப்போன பாடத்தை மறுநாள் தலையில் ஏற்றிக்கொள்ளவும் கூடாது. அதற்குத்தான் நான்காவது வாரம் இருக்கிறது. ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்தும் மனதில் நிற்கவில்லை என்றால் அது தூக்கக் கடன். அன்று இரவு கணக்கையும் விட்டுவிட்டு 9 மணிக்கே படுத்துவிட வேண்டும்.

லீவு விஷயத்தையும் இப்போதே பேசிவைப்பது நல்லது. 2024-இல் தேர்வு ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. யாரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை. 2025-இல் ஜூலை 12 சனிக்கிழமையாக அமைந்துவிட்டது. பனியன் கம்பெனிக் கணக்குப் பிரிவில் சனிக்கிழமை லீவு கேட்பது என்ன பாடு என்று அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். தேர்வுத் தேதி அறிவித்த அன்றே மேனேஜரிடம் சொல்லி, அந்த வாரச் சம்பளக் கணக்கை யார் முடிப்பது என்பதையும் பேசி வைத்துவிட்டால், ஹால் டிக்கெட் கையில் வந்த பிறகு கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.