மேலாளர் எழுந்து நின்று சொல்லவேண்டியது

கவுன்ட்டரின் இரு பக்கங்கள் – 14

திருமழபாடி போன்ற ஊரில் ஒரு வங்கிக் கிளை என்றால் ஆறேழு பேர்தான். மேலாளர், இன்னோர் அதிகாரி, இரண்டு மூன்று எழுத்தர்கள், ஒரு கடைநிலை ஊழியர், கமிஷனுக்கு நகை உரசிப் பார்க்கும் மதிப்பீட்டாளர். கொள்ளிடத்தின் வடகரையில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பங்கள்தான் வாடிக்கையாளர்கள். அப்படி ஒரு கிளையில் ஒரு மாலை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, “நம் வங்கியில் சாட்பாட் வரப்போகிறது, இனி வாடிக்கையாளர் கேள்விகளுக்கு அது பதில் சொல்லும்” என்று மேலாளர் அறிவிக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் மனதில் ஒரே கேள்விதான் ஓடும். அந்தப் பேச்சு எப்படி இருக்கவேண்டும் என்பதே இந்த வாரம்.

‘யாருக்கும் வேலை போகாது’ என்று தொடங்கத்தான் யாருக்கும் தோன்றும். தயவுசெய்து அப்படித் தொடங்காதீர்கள். அந்த வாக்குறுதியைத் தரும் அதிகாரம் கிளை மேலாளருக்குக் கிடையாது. கேட்பவர்களுக்கும் அது தெரியும்.

வங்கி ஊழியர்களுக்கு இந்த விஷயத்தில் நல்ல ஞாபகசக்தி உண்டு. வங்கிகளில் இயந்திரங்களைப் புகுத்துவது பற்றி இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் 1983 செப்டம்பரில் ஓர் ஒப்பந்தம் போட்டன. இயந்திரம் வரலாம், ஆனால் அதைக் காரணம் காட்டி ஆட்குறைப்பு கூடாது என்பதில் சங்கங்கள் உறுதியாக நின்றன. 1993இல் கணினிமயமாக்கலுக்கு இன்னொரு ஒப்பந்தம் வந்தது. கணினி வந்ததால் நிரந்தர எழுத்தர் யாரையும் வீட்டுக்குப் போ என்று சொல்லவில்லை. ஆனால் 2000-01இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பொதுத்துறை வங்கிகளை விட்டு வெளியேறினார்கள். அதன்பின் பல ஆண்டுகளுக்குப் புதிதாக ஆள் எடுப்பது பெரிதும் சுருங்கிப்போனது. உட்கார்ந்திருப்பவரை எழுப்பவில்லை. எழுந்து போனவரின் இடத்தில் ஆள் போடவில்லை. நான்கு பேர் பார்த்த கவுன்ட்டரை இரண்டு பேர் பார்ப்பது இப்படி வந்த நிலைமைதான்.

ஆகவே பயம் வீண் என்று சொல்வது உண்மையல்ல. எந்த இடத்தில் பயப்படவேண்டும் என்பதைத்தான் சொல்லவேண்டும். அதற்கு ஓர் உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது.

அந்நாட்டின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்று காமன்வெல்த் வங்கி. 2025 ஜூலையில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் 45 பணியிடங்கள் தேவையில்லை என்று அறிவித்தது. தொலைபேசியில் வரும் கேள்விகளைக் கையாளக் குரல்வழி பாட் ஒன்றை வைத்திருந்தார்கள். அதனால் வாரத்துக்கு 2,000 அழைப்புகள் குறைந்துவிட்டன என்பது வங்கி சொன்ன காரணம். நிதித்துறை ஊழியர் சங்கம் அதை ஏற்கவில்லை. அழைப்புகள் கூடிக்கொண்டுதான் இருக்கின்றன, கூடுதல் நேரம் வேலை பார்க்கச் சொல்கிறார்கள், குழுத் தலைவர்களே ஃபோன் எடுக்கும் நிலை வந்திருக்கிறது என்று சொல்லி, வழக்கைப் பணியிடத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனது. ஆகஸ்டிலேயே வங்கி பின்வாங்கியது. எல்லா அம்சங்களையும் சரியாகப் பரிசீலிக்காமல் எடுத்த முடிவு, அந்தப் பணியிடங்கள் தேவைதான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது.

இதில் கவனிக்கவேண்டியது மன்னிப்பை அல்ல, கணக்கை. ஒரு பாட் எத்தனை பேருக்கு உதவியது என்பதை யார், எப்படி எண்ணுகிறார்கள்? சாட்பாட் துறையில் ஓர் அளவுகோல் உண்டு. நூறு உரையாடல் நடந்து, அதில் முப்பது மட்டும் மனித ஊழியருக்குப் போனால், மீதி எழுபதையும் பாட்டே முடித்துவைத்ததாகக் கணக்கில் எழுதுவார்கள். அந்த எழுபதில் பதில் கிடைத்துத் திருப்தியானவர்களும் உண்டு. ஒன்றும் புரியாமல் ஃபோனை மூடிவிட்டு, மறுநாள் பஸ் பிடித்துக் கிளைக்கு வந்தவர்களும் உண்டு. கணக்கில் இருவரும் ஒன்றுதான். கிளைக்கு வந்து வரிசையில் நிற்பவர் அந்த அறிக்கையில் எங்குமே வரமாட்டார். ஆட்கள் போதும் போதாது என்ற முடிவு அந்த அறிக்கையை வைத்து எடுக்கப்பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மேலாளரின் பேச்சு இந்த இடத்தைத் தொடவேண்டும்.

நானாக இருந்தால் இப்படிப் பேசுவேன்:

“உட்காருங்க. காசாளர் மேடம், நீங்க கணக்கை முடிச்சிட்டே வாங்க, அவசரமில்லை. சாட்பாட் நமக்குப் புதுசு, ஊருக்குப் புதுசு இல்லை. 2016இலேயே பக்கத்துக் கும்பகோணத்தைத் தலைமையிடமா வச்சிருக்கிற சிட்டி யூனியன் வங்கி சென்னையில ‘லட்சுமி’ன்னு ஒரு ரோபோவை நிறுத்தினாங்க. 2017இல எச்.டி.எஃப்.சி. ‘ஈவா’வைக் கொண்டுவந்தது, ஸ்டேட் வங்கி ‘சியா’வைக் கொண்டுவந்தது. அதுக்கப்புறமும் கிளையில வரிசை நின்னுக்கிட்டுத்தான் இருக்கு.

இது என்ன செய்யும்னு முதல்ல சொல்றேன். பேலன்ஸ் எவ்வளவு, கடைசி அஞ்சு வரவுசெலவு, செக் புக் வேணும், ஐ.எஃப்.எஸ்.சி. என்ன, நகைக்கடன் வட்டி எவ்வளவு, ஏ.டி.எம். கார்டை முடக்கணும். இந்த மாதிரிக் கேள்விகளை அது நல்லாவே பார்க்கும். பாஸ்புக் பதியறதுக்கும் பேலன்ஸ் சொல்றதுக்கும் நாம செலவழிக்கிற நேரம் குறையும். அந்த வேலை நம்ம கையை விட்டுப் போகுது, அதை மறைக்க வேண்டாம்.

இப்ப அது எங்க தடுமாறும்னு பார்ப்போம். ஒரு அம்மாவுக்குப் பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் வரலைன்னு வச்சுக்குங்க. பையன் செல்ஃபோன்ல pm kisan panam varala-ன்னு தட்டுறான். தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிறான், நம்ம ஊரே அப்படித்தான் அடிக்கும். பாட் அந்த வரியைத் தனக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வி வகைகளோட ஒப்பிட்டுப் பார்க்கும். எது கிட்ட வருதோ அதை எடுக்கும். ‘பணம்’, ‘வரலை’ ரெண்டையும் பார்த்துட்டு, பேலன்ஸையும் கடைசி வரவுகளையும் காட்டும். அதுல 2,000 இருக்காது. பாட் சொன்னது தப்பில்லை. ஆனா அந்த அம்மாவோட பிரச்சினை அப்படியே இருக்கு.

நம்மகிட்ட வந்தா என்ன கேட்போம்? ‘ஏம்மா, சமீபத்துல வேற பேங்க்ல கணக்கு ஆரம்பிச்சீங்களா, குழுக் கடனுக்கு ஆதார் குடுத்தீங்களா?’ ‘ஆமா சார், போன மாசம்.’ விஷயம் முடிஞ்சுது. ஆதார் வழியா வர்ற அரசுப் பணம், கடைசியா எந்த வங்கியில ஆதாரை அந்தப் பணம் பெறுறதுக்காக இணைச்சாங்களோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். பணம் தொலையலை, வேற வங்கியில உட்கார்ந்திருக்கு. ஆதார் இணையதளத்துல எந்த வங்கின்னு பார்த்துச் சொல்லிடலாம். மறுபடி இங்கேயே வரணும்னா ஒரு படிவம். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிஞ்சதுதான் உங்க வேலை.

இன்னொண்ணு. பாட்டுக்குப் புரியலைன்னா ‘புரியவில்லை’ன்னு சொல்லிடும், அதனால பெரிய கெடுதல் இல்லை. தப்பாப் புரிஞ்சுக்கிட்டு உறுதியா பதில் சொல்லும் பாருங்க, அதுதான் ஆபத்து. கனடாவில ஒரு விமான நிறுவனத்தோட பாட், நெருங்கின உறவு இறந்ததுக்குப் போறவங்க கட்டணச் சலுகையை அப்புறமா விண்ணப்பிச்சு வாங்கிக்கலாம்னு தப்பாச் சொல்லிடுச்சு. பாட் சொன்னதுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024இல தீர்ப்பாயம் அதை ஏத்துக்காம, பணத்தைக் குடுன்னு சொல்லிடுச்சு. அதனால நம்ம பாட் ஏதாவது தப்பாச் சொல்லியிருக்குன்னு வாடிக்கையாளர் செல்ஃபோனை நீட்டினா, ‘அது மிஷின்ங்க’ன்னு அனுப்பிடாதீங்க. படம் எடுத்து மேலே அனுப்புங்க.

மோசடியில பணம் போயிடுச்சுன்னு யாராவது ஓடிவந்தா, பாட்கிட்ட கேளுங்கன்னு ஒருபோதும் சொல்லாதீங்க. 1930க்குப் பேசச் சொல்லுங்க, நம்ம கையிலயும் உடனே புகாரை எழுதி வாங்கி, தேதி நேரம் போட்டு நகல் குடுங்க. 2017 ஜூலை ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, தப்பு வாடிக்கையாளர் மேலயும் இல்லாம வங்கி மேலயும் இல்லாம இருந்தா, வங்கியிலேருந்து தகவல் வந்து மூணு வேலைநாளுக்குள்ள சொன்னவருக்கு நஷ்டமே கிடையாது. ஓ.டி.பி.யை அவரே குடுத்திருந்தாலும், புகார் சொன்னதுக்கு அப்புறம் போற பணம் வங்கி பொறுப்பு. நேரம்தான் அங்க பணம்.

வேலை விஷயத்துக்கு வர்றேன். உங்கள்ல யாரையும் இதனால அனுப்பச் சொல்லி எனக்கு உத்தரவு வரலை. வந்தா அன்னிக்கே உங்ககிட்ட சொல்வேன். ஆனா அடுத்த வருஷம் ஒருத்தர் ஓய்வுபெறும்போது அந்த இடத்துக்கு ஆள் வருமான்னு கேட்டா, என்னால உறுதி சொல்ல முடியாது. அதுக்கு என்னால முடிஞ்சது ஒண்ணு இருக்கு. இந்த நீள நோட்டைப் பாருங்க. பாட்டைக் கேட்டுட்டும் தீராம கிளைக்கு வர்றவங்க ஒவ்வொருத்தரையும் இதுல எழுதணும். தேதி, என்ன கேட்டாங்க, பாட் என்ன சொல்லுச்சு, உண்மையான காரணம் என்ன, தீர்க்க எத்தனை நிமிஷம். ஒருத்தருக்கு ஒரே வரி. மாசக் கடைசியில நான் கையெழுத்துப் போட்டு வட்டார அலுவலகத்துக்கு அனுப்புறேன், நகல் உங்க சங்கத்துக்கும் போகட்டும்.”

இவ்வளவுதான் பேச்சு. பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரத்தைக் கேள்விகளுக்கு விடவேண்டும். ‘எங்க வேலையை எழுதி எழுதி அதுக்கே சொல்லிக்கொடுக்கிறோமா சார்?’ என்று யாராவது கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆம், அந்த நோட்டிலிருந்து பாட் தேறும். ஆதார் கேள்வியை ஒரு நாள் அதுவே கேட்கும். ஆனால் நோட்டு இல்லாவிட்டால் கிளையில் நடந்த வேலைக்குச் சாட்சியே இருக்காது, மேலே இருப்பவர்களின் முன்னால் எழுபது சதவீதம் என்ற எண் மட்டும்தான் நிற்கும். இரண்டில் எது மேல் என்றால், நோட்டு இருப்பதே மேல் என்பேன். காமன்வெல்த் வங்கி விஷயத்தில் சங்கம் வென்றதற்கும் காரணம், அழைப்புகள் குறையவில்லை என்பதை அங்கே வேலை பார்ப்பவர்கள் சொல்ல முடிந்ததுதான்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். சாட்பாட்டால் முதலில் அடிபடுபவர் கிளை எழுத்தர் அல்ல. வங்கிக்காக வெளி நிறுவனங்களில் உட்கார்ந்து ஃபோன் எடுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான். 1983 ஒப்பந்தம் போல அவர்களைக் காக்க எதுவும் இல்லை. அரியலூர், பெரம்பலூர் பக்கத்துப் பட்டதாரிப் பிள்ளைகள் சென்னைக்குப் போய்ப் பார்க்கும் வேலைகளில் அதுவும் ஒன்று. சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் அமரும்போது அவர்கள் பெயரையும் மேசைமேல் வைக்கவேண்டும்.

இதை வாசிக்கும் கிளை மேலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வங்கியில் சாட்பாட் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தாலும் பரவாயில்லை, நாளைக்கே ஒரு நீள நோட்டு வாங்கிக் கவுன்ட்டரில் வையுங்கள். முதல் மாத இறுதியில் அதில் எத்தனை வரி சேர்ந்திருக்கிறது என்பதை எனக்கும் எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயரோ கணக்கு எண்ணோ வேண்டாம், கேள்வியும் காரணமும் போதும்.

(தொடரும்)