விசையை இடம் மாற்றுவது வேறு, தானாகத் தட்டவைப்பது வேறு

மூட்டுவாதத்தால் விரல்கள் சரியாக மடங்காத ஒருவர் ஆன்லைன் விளையாட்டு ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாக்குவதற்கான விசை E. அதை எட்டி அழுத்தினால் வலிக்கிறது. ஓரத்தில் இருக்கும் கேப்ஸ் லாக் சுலபமாக எட்டுகிறது. விண்டோஸில் ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருளை நிறுவி, ஒரே ஒரு வரி எழுதுகிறார்:

```
CapsLock::e
```

இனி கேப்ஸ் லாக்கை அழுத்தினால் E அழுந்தும். விரலை எடுத்தால் E-யும் விடுபடும். விசை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எத்தனை முறை அழுத்துவது, எப்போது அழுத்துவது என்பதெல்லாம் இன்னமும் அவர் கையில்தான்.

எதிரியை வீழ்த்த E-யை விடாமல் தட்ட வேண்டிய கட்டம் வருகிறது. விரல் வலிக்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதுகிறார்:

```
CapsLock:: {
    while GetKeyState("CapsLock", "P") {
        Send "e"
        Sleep 50
    }
}
```

கேப்ஸ் லாக்கை அழுத்திப் பிடித்திருக்கும்வரை, 50 மில்லிநொடி இடைவெளி விட்டு E தானாக அடித்துக்கொண்டே இருக்கும். நொடிக்கு ஏறக்குறைய 20 தட்டு. காரணம் அதே வலிதான், ஆனால் பல ஆன்லைன் விளையாட்டுகளின் விதிப்படி இது மோசடி. ஒருமுறை அழுத்தியதற்குப் பல செயல்கள் நடக்கின்றன. அடுத்த தட்டு எப்போது விழ வேண்டும் என்பதை மனிதர் அல்ல, நிரல் முடிவு செய்கிறது.

இணையத்தில் கிடைத்த ஸ்கிரிப்ட்டை எடுத்துப் பயன்படுத்துகிறவருக்கு, அது இதில் எந்த வகை என்று எப்படித் தெரியும்? விசை நிகழ்வுகளை வரிசையாகக் காட்டும் கீபோர்டு சோதனைப் பக்கம் ஒன்றை பிரவுசரில் திறந்து, விசையை மூன்று நொடி பிடித்துப் பாருங்கள். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சாதாரண விசையைப் பிடித்தாலே `keydown` என்ற வரி மீண்டும் மீண்டும் வரும். எழுத்து தட்டுவதற்காக விண்டோஸ் செய்துதரும் வசதி அது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது `keyup`. இடம் மாற்றிய விசையில், கையை எடுத்த பிறகு ஒரே ஒரு `keyup` வரும். தானாகத் தட்டும் ஸ்கிரிப்ட்டில் `keydown`, `keyup`, `keydown`, `keyup` என்று ஜோடி ஜோடியாக வரும். பிடித்த விரலை நீங்கள் எடுக்கவே இல்லை. ஆனால் விசை பல தடவை எழுந்து விழுந்திருக்கும்.

இதில் நியாயமான ஒரு மனக்குறையும் இருக்கிறது. மென்பொருள் அனுப்பும் விசைக்கு விண்டோஸ் ஒரு குறி போடுகிறது: இது கீபோர்டிலிருந்து வரவில்லை, நிரல் அனுப்பியது என்று. முதலில் எழுதிய ஒற்றை வரிக்கும் அதே குறிதான். அதனால் ஆட்டோஹாட்கீ ஓடுவதையே சந்தேகிக்கும் மோசடித் தடுப்பு மென்பொருளிடம் ஒரு தவறும் செய்யாதவரும் மாட்டிக்கொள்ளலாம். அதற்காகத்தான் முதலில் விளையாட்டின் சொந்த அமைப்புகளில் விசையை மாற்றச் சொல்கிறேன். அங்கே முடியாவிட்டால், விசைகளைத் தன் நினைவகத்திலேயே மாற்றி வைத்துக்கொள்ளும் கீபோர்டு நல்லது. ஆட்டோஹாட்கீ கடைசி வழியாக இருக்கட்டும்.

அதற்காகக் கீபோர்டில் இருப்பதெல்லாம் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. இடம், வலம் போகும் விசைகள் இரண்டும் ஒரே நேரத்தில் அழுந்தியிருந்தால் முதலாவதைத் தானே விடுவித்துவிடும் வசதியோடு 2024-இல் சில கீபோர்டுகள் வந்தன. ரேசர் நிறுவனம் அதற்கு வைத்த பெயர் ஸ்னாப் டேப். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் ஓடுகிறவர் சட்டென்று நின்று குறிபார்த்துச் சுட, ஒரு விசையை விட்டு மற்றதை அழுத்தும் நேரம் துல்லியமாக இருக்க வேண்டும். பழகிப் பழகி வரும் திறமை அது. அதைக் கீபோர்டே செய்துகொடுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் அதைத் தடை செய்தது. அதிகாரபூர்வ சர்வர்களில் பிடிபட்டால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுவார்கள். வேலையைச் செய்தது மென்பொருளா வன்பொருளா என்பது அங்கே கணக்கில்லை. ஒரே அழுத்தம் பல செயல்களாக ஆகிறதா என்பதுதான் கணக்கு.

தனியாக ஆடும் விளையாட்டுகளில் நிலைமை வேறு. 2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-இல், பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்டுவதற்குப் பதிலாகப் பிடித்துக்கொண்டால் போதும் என்ற தேர்வைத் தயாரிப்பாளர்களே வைத்தார்கள். நம் மூட்டுவாதக்காரர் கேட்டதும் ஏறக்குறைய அதையேதான். ஆன்லைனில் எதிரே இன்னொரு மனிதர் இருப்பதால்தான் அது மோசடியாகிறது. ஆனால் அந்த வசதியை விளையாட்டே எல்லோருக்கும் தந்தால் யாருக்கும் கூடுதல் லாபம் இல்லை. ஊனமுற்றவரைத் தானே ஸ்கிரிப்ட் எழுதும் நிலையில் விட்டுவிட்டு, பிறகு தண்டிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கேள்வி கேட்க வேண்டியது தயாரிப்பாளர்களை.

ஒருமுறை தட்டினால் ஓடத் தொடங்கி, மறுமுறை தட்டினால் நிற்கும் ஏற்பாடு போன்றவை இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. விசை அங்கே திரும்பத் திரும்ப அடிக்கப்படுவதில்லை. தொடங்குவதும் முடிப்பதும் ஆடுகிறவர்தான். இருந்தாலும் வெளி மென்பொருளால் அதைச் செய்வதைச் சில விளையாட்டுகள் ஏற்கும், சில ஏற்காது. விளையாடத் தொடங்கும் முன்பே உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். "எனக்கு உடல் குறைபாடு இருக்கிறது" என்பதோடு நிறுத்தாமல், எந்த விசை, எந்த மென்பொருள், ஓர் அழுத்தத்துக்கு எத்தனை செயல் என்று தெளிவாகச் சொல்லி, ஸ்கிரிப்ட்டையும் இணைத்து அனுப்புங்கள். வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் கணக்கு முடக்கப்பட்டால் மேல்முறையீட்டில் காட்ட அது தேவைப்படும்.