நூறு கேள்விக்கு நூறு வரி

குரூப் 4 தேர்வுக்கு 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதற்குப் பயிற்சி தரும் ஆசிரியர் ஒருவரிடம் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான வினாக்கள் சேர்ந்துவிடும். சில வேர்டு கோப்பில் இருக்கும், சில வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், சில பழைய மாதிரித்தாளிலிருந்து தட்டச்சு செய்தவை. தலைப்புவாரியாகப் பிரிக்கவும், ஒருமுறை கேட்டதை மறுபடி கேட்காமல் இருக்கவும், இணையவழித் தேர்வாக மாற்றவும் அவருக்கு அட்டவணை வேண்டும். அதில் ஒரு கேள்விக்கு ஒரு வரி. அந்த வரியில் கேள்வி எண், கேள்வி, நான்கு விருப்பங்கள், விடை என ஏழு கட்டங்கள்.

ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினால் நூறு கேள்விக்கே ஒரு நாள் போய்விடும். நோட்பேட்++ என்ற இலவச மென்பொருள் இருந்தால் ஏழு முறை தேடி மாற்றினால் போதும். ஆனால் கேள்விகளின் உருவத்தைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. ஒரு கோப்பில் அடுத்தடுத்து வரும் இரண்டு கேள்விகள் இவை:

```
1. திருக்குறளில் உள்ள அதிகாரங்கள் எத்தனை?
(A) 108  (B) 133
(C) 380  (D) 1330
விடை: B

2. பொருத்துக.
(a) சிலப்பதிகாரம்
(b) மணிமேகலை
(c) சீவக சிந்தாமணி
1. திருத்தக்கதேவர்
2. இளங்கோவடிகள்
3. சீத்தலைச் சாத்தனார்
(A) 2 3 1
(B) 3 2 1
(C) 1 2 3
(D) 2 1 3
விடை: A
```

முதல் கேள்வி சாது. சிக்கல் இரண்டாவதில் இருக்கிறது. 'எண்ணும் புள்ளியும் வந்தால் புதுக் கேள்வி' என்று கணினிக்குச் சொன்னால், திருத்தக்கதேவரே ஒரு கேள்வியாகிவிடுவார். 'அடைப்புக்குறிக்குள் எழுத்து வந்தால் விருப்பம்' என்றால் சிலப்பதிகாரம் விருப்பமாகிவிடும். பொருத்துக வகைக் கேள்விதான் பெரும்பாலான அட்டவணைகளைக் கெடுக்கிறது.

இதற்கு வழி கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு கேள்விகளுக்கு நடுவே வெற்று வரி இருக்கிறது, கேள்விக்கு உள்ளே இல்லை. ஆகவே எல்லையாக எண்ணை நம்பாமல் வெற்று வரியை நம்ப வேண்டும். பொருத்துக பட்டியலில் சிறிய எழுத்து, விருப்பங்களில் பெரிய எழுத்து. தேடும் பெட்டியில் Match case என்பதை டிக் செய்தால் கணினி இரண்டையும் குழப்பிக்கொள்ளாது. கூடவே Regular expression என்பதையும் தேர்ந்தெடுத்துவிட்டு, கீழே உள்ளபடி வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக Replace All கொடுக்க வேண்டும். அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது தேடுவது, வலப்பக்கம் இருப்பது மாற்றுவது.

```
\t                  →  (ஒரு இடைவெளி)
\R\s*\R             →  @@
\R                  →  (ஒரு இடைவெளி)
@@                  →  \r\n
^(\d+)\.\s*         →  $1\t
\s*\([A-D]\)\s*     →  \t
\s*விடை\s*:\s*      →  \t
```

வேர்டிலிருந்து ஒட்டும்போது ஏற்கெனவே உள்ளே வந்திருக்கும் டேப்களை முதல் கட்டளை அகற்றுகிறது. இரண்டாவது, வெற்று வரி இருக்கும் இடத்தில் ஓர் அடையாளம் வைக்கிறது. மூன்றாவது மற்ற வரிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கிறது. நான்காவது அந்த அடையாளம் இருந்த இடத்தில் மட்டும் புது வரி தொடங்குகிறது. இப்போது நூறு கேள்வி நூறு வரியாக நிற்கும். கடைசி மூன்றும் எண், விருப்பங்கள், விடை ஆகியவற்றுக்கு முன்னும் பின்னும் டேப் போடுகின்றன. எக்செல்லில் ஒட்டினால் டேப் இருக்கும் இடமெல்லாம் புதிய கட்டம் பிறக்கும். காற்புள்ளியை இந்த வேலைக்கு வைக்கக் கூடாது. கேள்விக்குள்ளேயே காற்புள்ளி வரும், வரி உடைந்துவிடும்.

ஒட்டுவதற்கு முன் A முதல் G வரையுள்ள பத்திகளை Text என்று மாற்றிவிடுவது அவசியம். மறந்தால், கணக்கு வினாவில் 3/4 என்று இருக்கும் விருப்பத்தை எக்செல் தேதியாக எடுத்துக்கொள்ளும். 044 என்பதில் முன்னால் இருக்கும் சுழி காணாமல் போகும். பிறகு வடிவத்தை மாற்றினாலும் பழைய எழுத்து திரும்பாது, மறுபடி ஒட்டத்தான் வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகு அட்டவணை பார்க்க அழகாக இருக்கும். அங்கேதான் கவனம் வேண்டும். முதலில் வரிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். நூறு கேள்விக்கு 99 வரி என்றால், எங்கோ இரண்டு கேள்விகளுக்கு நடுவே வெற்று வரி விடுபட்டிருக்கிறது. 101 என்றால், ஒரு கேள்விக்கு நடுவே வெற்று வரி புகுந்திருக்கிறது. அடுத்து H பத்தி காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே ஏதாவது கிடந்தால், பெரும்பாலும் '(A) மற்றும் (B) இரண்டும்' போன்ற விருப்பம்தான் காரணம். அதற்குள் இருக்கும் அடைப்புக்குறியையும் கணினி வெட்டியிருக்கும். மூலத்தில் அந்த அடைப்புக்குறிகளை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும்.

கடைசிச் சோதனைதான் மிக முக்கியம். காலியான H பத்தியை General என்று வைத்து, H2 கட்டத்தில் இதை எழுதிக் கீழே இழுக்க வேண்டும்:

```
=INDEX(C2:F2,CODE(G2)-64)
```

விடை B என்றால் இரண்டாவது விருப்பத்தின் சொற்களே H கட்டத்தில் வந்து நிற்கும். 'அதிகாரங்கள் எத்தனை?' என்ற கேள்வியின் வரிசையில் 133 என்று தெரியும். வெறும் B என்ற எழுத்தைப் பார்த்து யாரும் தவறைக் கண்டுபிடிக்க முடியாது. அதே இடத்தில் 1330 என்று வந்திருந்தால் பாடம் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும். நூறு வரியை இப்படி வாசித்து முடிக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். இந்த வேலையில் கணினியிடம் விடக் கூடாத பகுதி இதுதான்.

விடைகள் கேள்விக்குக் கீழே இல்லாமல் கடைசிப் பக்கத்தில் '1-B, 2-A' என்று மொத்தமாக இருக்கும் கோப்புகளும் உண்டு. அவற்றை வரிசைப்படி G பத்தியில் அப்படியே ஒட்டுவது ஆபத்து. 37ஆம் விடை விடுபட்டிருந்தால், 37 முதல் 99 வரையுள்ள 63 கேள்விகளும் அடுத்த கேள்வியின் விடையோடு நிற்கும். விடைகளை Key என்ற தனித் தாளில் எண், எழுத்து என இரு பத்திகளாக வைத்து, எண்ணைக் கொண்டு தேடி எடுப்பதே பாதுகாப்பு:

```
=VLOOKUP(A2,Key!A:B,2,FALSE)
```

இந்தச் சூத்திரம் எழுதும் G பத்தி மட்டும் General ஆக இருக்க வேண்டும். கேள்வித் தாளில் எண்கள் Text ஆக இருப்பதால் Key தாளிலும் அவை Text ஆகவே இருக்க வேண்டும். ஒன்று எண்ணாகவும் மற்றொன்று எழுத்தாகவும் இருந்தால் எல்லா வரியிலும் #N/A வரும். விடை விடுபட்ட கேள்வியில் மட்டும் #N/A வந்தால் அது நல்லதே, எது இல்லை என்று அது காட்டிக்கொடுக்கிறது.

சரியான விருப்பத்தைத் தடித்த எழுத்தில் மட்டும் காட்டியிருக்கும் வேர்டு கோப்பு ஒன்று கையில் இருந்தால், அதை நோட்பேட்++க்கு அவசரப்பட்டுக் கொண்டுபோக வேண்டாம். ஒட்டிய நொடியில் தடிப்பு மறைந்துவிடும், அதோடு விடைகளும் போய்விடும். முதலில் வேர்டிலேயே தேடும் பெட்டியைத் திறந்து, தேடும் இடத்தைக் காலியாக விட்டு Format வழியாக Bold மட்டும் தேர்ந்தெடுத்து, மாற்றும் இடத்தில் `^&##` என்று கொடுங்கள். தடித்த ஒவ்வொரு பகுதிக்கும் பின்னால் ## என்ற குறி ஒட்டிக்கொள்ளும், அது எங்கே ஒட்டினாலும் அழியாது. தலைப்பும் தடித்திருந்தால் அங்கும் குறி விழும், அதைக் கையால் நீக்கிவிடுங்கள். மூலக் கோப்பின் நகல் ஒன்றைத் தொடாமல் தனியே எடுத்து வைத்துவிட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள்.