முதல் ஒன்று வரும்வரை

இரும எண்ணை எதிரெண்ணாக்க ஒரு குறுக்குவழி: வலக்கோடியிலிருந்து முதல் 1 வரை அப்படியே எழுதி, மிச்சத்தைத் தலைகீழாக்கினால் போதும்.

பிட்டுகள் ஒவ்வொன்றாக வரும் சுற்றில் இதை மூர் இயந்திரமாக்க மூன்று நிலைகள் வேண்டும். மூர் இயந்திரத்தில் நிலைதான் வெளியீட்டைச் சொல்லும். ‘அ’ 0 தரும். 1 வரும்வரை அங்கேயே காத்திருக்கும். வந்ததும் ‘ஆ’, அது 1 தரும். அதன்பின் 0 வந்தால் ‘ஆ’, 1 வந்தால் ‘இ’. ‘இ’ தருவது 0. ‘அ’, ‘இ’ இரண்டும் 0 தந்தாலும் ஒன்றாக்கக் கூடாது: 0 வந்தால் முன்னது நகராது, பின்னது ‘ஆ’வுக்குப் போகும்.

6 என்பது 0110. வலமிருந்து 0, 1, 1, 0 நுழைய, நிலைகள் அ, ஆ, இ, ஆ. வெளிவருவது 0, 1, 0, 1. திருப்பி எழுதினால் 1010, அதாவது -6.

அடுத்த எண்ணுக்கு முன் ‘அ’வுக்குத் திரும்ப மறந்தால் அதே 6, 1001 ஆகிவிடும், அது -7. விடை சரியாக ஒன்று குறைந்தால், முதலில் ரீசெட் கம்பியைப் பாருங்கள்.