பவுண்டு இறங்கியது, பற்றாக்குறை ஏறியது

1967 நவம்பர் 18, சனிக்கிழமை. 2.80 டாலராக இருந்த பவுண்டின் மதிப்பை 2.40 டாலராகக் குறைத்தது பிரிட்டனில் ஹரோல்டு வில்சனின் அரசு. பவுண்டு மலிந்தால் பிரிட்டிஷ் சரக்கு வெளிநாட்டில் விலைபோகும், வெளிநாட்டுச் சரக்கு உள்ளூரில் விலையேறித் தேங்கும், வர்த்தகப் பற்றாக்குறை சுருங்கும் என்பது திட்டம். ஆனால் 1968இல் சரக்கு வர்த்தகப் பற்றாக்குறை இன்னும் பெருகியது.

காரணத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஏற்றுமதி 100 பவுண்டு, இறக்குமதியும் 100 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதிச் சரக்கின் விலை 280 டாலர். மதிப்பு குறைந்த மறுநாள் அதே 280 டாலருக்கு ஏறக்குறைய 117 பவுண்டு எண்ணி வைக்க வேண்டும். ஏற்றுமதிக்கோ பவுண்டில் ஏற்கெனவே போட்ட ஒப்பந்தம். வருவது அதே 100தான். வாங்குவதும் விற்பதும் இம்மியும் மாறாமலேயே 17 பவுண்டு துண்டு விழுகிறது.

அளவுகள் மாறத்தான் நாளாகும். பழைய ஆர்டர்கள் முடிய வேண்டும், வெளிநாட்டு வியாபாரி புதிய விலையை நம்பி ஆர்டரைத் திருப்ப வேண்டும், ஆலை உற்பத்தியைக் கூட்ட வேண்டும். வரைபடத்தில் இந்தப் போக்கு முதலில் சரிந்து பிறகு மேலே ஏறும். ஆங்கில ‘ஜே’ எழுத்தைப் போலிருப்பதால் இதை ஜே-வளைவு என்கிறார்கள்.

மேலே ஏறியே தீரும் என்று உத்தரவாதம் இல்லை. நம் கணக்கில் இறக்குமதி அளவு 10 சதவீதம் குறைந்தால் அதன் செலவு 105 பவுண்டு. ஏற்றுமதி அளவு 5 சதவீதம் கூடினால் வரவும் 105. பள்ளம் சரியாக நிரம்பிவிட்டது. விலை ஒரு சதவீதம் மாறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறும் என்பதைத் தேவை நெகிழ்ச்சி என்பார்கள். இங்கே இறக்குமதிக்கு அது சுமார் 0.6, ஏற்றுமதிக்கு 0.35. கூட்டினால் ஏறக்குறைய 1. இரண்டும் சேர்ந்து 1-ஐத் தாண்டினால்தான் நாணயத்தின் வீழ்ச்சி வர்த்தக நிலையைத் திருத்தும். இதுவே மார்ஷல்-லெர்னர் நிபந்தனை.

முதல் சில மாதங்களில் இந்தக் கூட்டுத்தொகை 1-ஐ எட்டுவதில்லை. ஜே-வளைவின் ரகசியமே அதுதான். கச்சா எண்ணெய்போல விலையேறினாலும் வாங்கியே ஆகவேண்டிய சரக்கு அதிகமிருந்தால் காத்திருப்பு இன்னும் நீளும். தொடக்கத்திலேயே பற்றாக்குறை இருக்கும் நாட்டுக்கு 1-ம் போதாது; விலையேறும் இறக்குமதிப் பங்கு பெரிது அல்லவா? இந்தியாவைப் போல ஏற்றுமதியை டாலரிலேயே விலைபேசும் நாடுகளில் முதல் சரிவு இவ்வளவு செங்குத்தாக இருக்காது, ஏற்றுமதி வரவும் ரூபாயில் உடனே உயரும்.

பிரிட்டனின் நடப்புக் கணக்கில் 1969இல் உபரி வந்தது. அந்தப் பெருமை முழுவதையும் பவுண்டுக்குக் கொடுக்க மாட்டேன். நிதியமைச்சர் ராய் ஜென்கின்ஸ் 1968 மார்ச் பட்ஜெட்டில் வரிகளைக் கடுமையாக உயர்த்தி, உள்நாட்டுச் செலவை இறுக்கிப் பிடித்ததற்கும் அதில் பங்குண்டு.