பிரளயத்துக்குப் பின் ஒரு விதைக் காவலர்

உலகம் அழிந்தபின் எஞ்சிய தானியத்தைக் காத்து நிற்கும் மனிதனைப் பற்றிய கதைகள் உண்டு. ஆனால் நெல்லுக்குப் பிரளயம் தீயாகவோ வெள்ளமாகவோ வரவேண்டிய அவசியமில்லை, ஒரு ரகத்தைக் கடைசியாகப் பயிரிட்ட குடும்பம் சில ஆண்டுகள் விதைக்காமல் விட்டாலே அதன் உலகம் முடிந்துவிடும். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் வயல்கள் இருந்த இடத்தில் எழுந்த தொழிற்சாலைச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே போகும்போது, திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் பாரம்பரிய நெல்லைக் காத்து, 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமனின் நினைவே எனக்கு வருகிறது.

நம்மாழ்வாரின் வழிநின்ற அவர், ஊர் ஊராகத் தேடி 150க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டார். ஆறு மாத காலம் வயலில் நின்று, ஆளை மறைக்கும் உயரம் வளரும் காட்டுயானமும் அவற்றுள் ஒன்று. சேகரித்ததை அவர் பூட்டி வைக்கவில்லை. ஆண்டுதோறும் நடந்த நெல் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரும்படி கேட்டார். ஒற்றை நாற்று நடவுக்கு அந்த 2 கிலோ ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குப் போதும். திரும்பி வரும் நாலு கிலோவோ இன்னும் இருவருக்கு விதையாகும்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் நெல்மணியின் ஜீவனில் இருக்கிறது. நம் கடலோரப் பிரதேசத்துக் காற்றின் ஈரத்தை நெல் உறிஞ்சிக்கொள்ளுமாதலால், நன்றாகக் காயவைத்து வைக்கோல் பிரியால் இறுகக் கட்டிய விதைக்கோட்டையில் வைத்தாலும் இரண்டொரு ஆண்டுகளுக்கு மேல் அதன் முளைப்பை நம்ப இயலாது. ஆகவே விதைக் காவலர் நூறு மணிகளை எண்ணி ஈரத்துணியில் முடிந்து, முளைத்தவற்றைக் கணக்கிடுவார். எண்பதுக்குக் குறைந்தால் அந்த விதையைப் பிறருக்குக் கொடாமல், முளைக்கும் மிச்சத்தைத் தம் வயலிலேயே விதைத்துப் புதுப்பிப்பது உசிதம். இதில் ஒரு நுட்பம் உண்டு: அறுத்த உடனே சில ரகங்கள் உறக்கத்தில் இருப்பதால், அப்போது முளைக்காத மணியைச் செத்ததென்று எறிந்துவிடலாகாது, சில வாரங்கள் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். களத்தில் இரு ரகங்கள் கலந்துவிடுவதோ இதனினும் பெரிய ஆபத்து; கதிர் வரும் தருணத்தில் வயலுக்குள் இறங்கி, உயரத்தாலும் மணியின் நிறத்தாலும் வேறுபடும் செடிகளை வேரோடு பிடுங்குவதொன்றே பரிகாரம்.

நார்வேயின் பனித்தீவில் 2008இல் திறந்த விதைப் பெட்டகம்போல் பூஜ்யத்துக்குக் கீழ் 18 பாகை உறைகுளிரில் வைத்தால் விதை நெடுங்காலம் பிழைக்கும் என்பார்கள், பிழைக்கும், உண்மைதான். ஆனால் மாறிவரும் மழைக்கும் பூச்சிக்கும் ஈடுகொடுத்துப் பழகுவது வயலில் நிற்கும் பயிர்தானே! என்னை வாட்டும் கவலையும் இதுவே: செங்கல்பட்டு சிறுமணி என்று இந்த மண்ணின் பெயரைத் தாங்கிய நெல்லை இங்குள்ள ஒருவர் கையில் இரண்டு கிலோ கொடுத்தாலும், மறு ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பித் தர அவரிடம் வயல் இருக்க வேண்டுமே!