டா வின்சியும் டெல் சார்ட்டோவும்

லியொனார்டோ டா வின்சி, அந்திரேயா டெல் சார்ட்டோ இருவரும் ஃபுளோரன்ஸில் தொழில் கற்ற ஓவியர்கள். ஒருவர் பெயரில் ‘டா’ இருக்கிறது, மற்றவர் பெயரில் ‘டெல்’. வின்சி என்பது ஊர். ‘டா’ என்றால் ‘இருந்து’. ‘சார்ட்டோ’ என்றால் தையற்காரர். அந்திரேயாவின் தந்தை செய்த தொழில் அது. ‘தையற்காரருடைய’ என்பதுதான் ‘டெல் சார்ட்டோ’.

அந்த ‘டெல்’லுக்குள் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ‘உடைய’ என்ற பொருள் தரும் ‘டி’ ஒன்று. ஆங்கிலத்தின் ‘தி’ போலப் பெயருக்கு முன் வரும் ‘இல்’ இன்னொன்று. இத்தாலியத்தில் ‘டி இல்’ என்று பிரித்து எழுதினால் பிழை.

டி, ஆ, டா, இன், சு ஆகிய ஐந்தும் இப்படித்தான். அடுத்து ‘தி’ போன்ற சொல் வந்தால் கட்டாயம் ஒட்டிக்கொள்ளும். ‘டி’ ‘டெ’ ஆகவும் ‘இன்’ ‘நெ’ ஆகவும் உருமாறும். மற்ற மூன்றும் அப்படியே நிற்கும். ‘மேலே’ என்பது ‘சு’. மேசை ஆண்பால், ‘இல் தாவோலோ’. ஆகவே மேசைமேல் என்பது ‘சுல் தாவோலோ’. நாற்காலி பெண்பால், ‘லா சேடியா’. இங்கே லகரம் இரட்டித்து ‘சுல்லா சேடியா’ ஆகிறது. முதுகுப்பைக்கு ‘லோ’ வரும் என்பதால் பைக்குள் என்பது ‘நெல்லோ ட்ஸாய்னோ’. மரம் உயிரெழுத்தில் தொடங்குவதால் மரத்தின்மேல் என்பது ஒரே மூச்சில் ‘சுல்லால்பெரோ’.

ஒட்டுவதில் சிரமம் அதிகமில்லை. ஒட்ட ‘இல்’லோ ‘லா’வோ அங்கே இருக்கிறதா என்பதில்தான் படிப்பவர்கள் தடுமாறுகிறார்கள்.

ஊர்ப் பெயர்களுக்கு முன் பொதுவாக அது வராது. அதனால்தான் ‘டா வின்சி’ ஒட்டாமல் நிற்கிறது. வீட்டுச் சமையலறையில் இருக்கிறேன் என்பவர் ‘இன் குச்சீனா’ என்பார். அதே சமையலறை இன்னாருடையது என்று குறித்துச் சொன்னால் ‘லா’ வந்துவிடும்: மரியாவின் சமையலறையில் என்பதற்கு ‘நெல்லா குச்சீனா டி மரியா’. நாடும் அப்படியே. இத்தாலியில் என்பது ‘இன் இத்தாலியா’. வட இத்தாலியில் என்றால் ‘நெல்லித்தாலியா டெல் நோர்ட்’. உறவுப் பெயரிலும் இதே கணக்கு உண்டு. ‘என் அப்பாவுடைய’ என்பது ‘டி மீயோ பாத்ரே’. ஒருமையில் உறவுப் பெயருக்கு முன் ‘என்’ வந்தால் ‘இல்’ விலகிக்கொள்ளும். பன்மைக்கு வந்தால் திரும்பிவிடும்: ‘என் பெற்றோருடைய’ என்பது ‘டெய் மியேய் ஜெனித்தோரி’.

‘உடன்’ என்னும் ‘கோன்’ மட்டும் இரண்டுங்கெட்டான். ‘கோன் இல்’ என்றும் எழுதலாம், ‘கோல்’ என்றும் சொல்லலாம். இன்றைய எழுத்தில் பிரித்து எழுதுவதே அதிகம். ‘பெர்’, ‘த்ரா’, ‘ஃப்ரா’ மூன்றும் இன்றைய வழக்கில் ஒட்டுவதில்லை.

இத்தாலியம் படிக்கத் தொடங்குபவர்கள் வெறும் ‘குச்சீனா’ என்று மனப்பாடம் செய்யாமல் ‘லா குச்சீனா’ என்றே பழகிக்கொள்ளுங்கள். ‘நெல்லா’வா ‘நெல்’லா என்று பிறகு தயங்க வேண்டியிருக்காது.